பிள்ளைக்கு வாசிக்க வந்ததா, அதை எப்படிக் காட்டுவது?

கேள்வி

வணக்கம். பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப் பட்டணத்தில் இருக்கிறேன். கோயில் மண்டபத்தில் வாரம் மூன்று நாள், மாலை 3.30 முதல் 5.00 வரை, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு நடத்துகிறோம். தேநீர், பள்ளி வீட்டுப்பாடம், பிறகு வாசிப்பு என்று போகும். இரண்டு, மூன்று, நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் 36 பேர், சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலர்கள் நான்கு பேர். வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று பள்ளி ஆசிரியர்கள் அனுப்பும் பிள்ளைகள்தான். இங்குள்ள அறவாரியம் ஒன்று புதிய பள்ளி ஆண்டுக்கு 18,000 ரிங்கிட் தர முன்வந்திருக்கிறது. ஆனால் மூன்று வாரத்துக்குள் ‘லாஜிக் மாடல்’, மதிப்பீட்டுத் திட்டம் இரண்டும் வேண்டுமாம். நான் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: “80 விழுக்காட்டுப் பிள்ளைகளின் தமிழ்மொழி மதிப்பெண் உயரும். வகுப்புக்கு வராத பிள்ளைகளோடு ஒப்பிட்டுக் காட்டுவோம். 5,000 ரிங்கிட்டுக்கு வெளியாளர் ஒருவர் மதிப்பிடுவார்.” இது போதுமா? இலக்கை எட்டாவிட்டால் அடுத்த ஆண்டு பணம் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

— ஒரு வாசகி

பதில்

சகோதரிக்கு வணக்கம். நீங்கள் எழுதி வைத்திருக்கும் மூன்று வாக்கியங்களையும் மாற்றச் சொல்லப்போகிறேன். மாற்றினால் உங்கள் வேலையும் செலவும் குறையும்.

முதலில் மதிப்பெண். தொடக்கப்பள்ளியில் நான்காம் ஆண்டுக்கு முன் ஆண்டிறுதித் தேர்வு கிடையாது. உங்கள் வகுப்பின் இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வகுப்புசார் மதிப்பீடு மட்டுமே உண்டு. அதில் ஆசிரியர் 1 முதல் 6 வரை ஓர் அடைவுநிலை தருவார். கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து எல்லாவற்றையும் சேர்த்துத் தமிழ்மொழிக்கு என்று ஒரு நிலையைப் பார்த்தால், வாயாடிப் பிள்ளை ஒன்று எழுத்துக் கூட்டத் தெரியாமலேயே நடுநிலையில் உட்கார்ந்திருக்கும். ஆசிரியர் மாறினால் நிலையும் மாறக்கூடும். இந்த எண் ஏறினாலும் இறங்கினாலும் அதற்கு உங்கள் வகுப்புதான் காரணம் என்று சொல்ல வழியில்லை. யுபிஎஸ்ஆர் தேர்வை 2021-இல் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் “எத்தனை ஏ?” என்று கேட்டுப் பழகிய மனம் அறவாரியக் கூட்டங்களில் இன்னும் இருக்கும். அந்தப் பழக்கத்துக்குத் தீனி போடுவதற்காக உங்கள் கையில் இல்லாத ஒன்றை வாக்குறுதியாக எழுதாதீர்கள்.

ஐந்து பெட்டிகளும் ஒரு கோடும்

லாஜிக் மாடல் என்பது “இது இருந்தால் இதைச் செய்வோம், இதைச் செய்தால் இது நடக்கும்” என்ற சங்கிலி, அவ்வளவுதான். உள்ளீடு, நடவடிக்கை, வெளியீடு, விளைவு, தாக்கம் என்று ஐந்து பெட்டிகள். பெரும்பாலானவர்கள் இடப்பக்கத்திலிருந்து நிரப்புவார்கள். மண்டபம் இருக்கிறது, நான்கு பேர் இருக்கிறோம், புத்தகம் இருக்கிறது என்று தொடங்கி, கடைசிப் பெட்டியில் “சமுதாயம் உயரும்” என்று முடிப்பார்கள். நீங்கள் வலப்பக்கத்திலிருந்து வாருங்கள்.

தாக்கம் என்ற கடைசிப் பெட்டியில் “இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது பாடநூலைத் தாமே வாசித்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைகள்” என்று ஒரு வரி போதும். அதற்கு இடப்பக்கத்தில் செங்குத்தாக ஒரு கோடு போட்டு, “இந்தக் கோட்டுக்கு வலப்பக்கம் இருப்பது எங்கள் விருப்பம், இடப்பக்கம் இருப்பது எங்கள் பொறுப்பு” என்று எழுதிவிடுங்கள். பள்ளி, வீடு, வாத்தியார், பிள்ளையின் உடல்நலம் எல்லாம் சேர்ந்து நடத்துவதை 18,000 ரிங்கிட் திட்டம் தனியாகத் தோளில் சுமக்க முடியாது. விவரம் அறிந்த அறங்காவலருக்கு இந்தக் கோட்டைப் பார்த்தால் உங்கள்மேல் நம்பிக்கைதான் கூடும்.

விளைவு என்ற பெட்டியில் பிள்ளையிடம் ஏற்படும் மாற்றம் மட்டும் வர வேண்டும். “எழுத்து மட்டும் தெரிந்த பிள்ளை சொல்லையும், சொல் மட்டும் தெரிந்த பிள்ளை பத்தியையும் வாசிக்கும்.” வெளியீடு என்பது நீங்கள் செய்து முடித்ததன் எண்ணிக்கை: 108 வகுப்புகள் நடந்தன, 36 பேர் பதிந்தார்கள், இத்தனை புத்தகம் கைமாறியது. பல விண்ணப்பங்கள் இந்த இரண்டையும் குழப்பிவிடுகின்றன. “மூன்று வாசிப்பு விழா நடத்துவோம்” என்று விளைவுப் பெட்டியில் எழுதியிருப்பார்கள். அந்த விழா முடிந்து ஒரு பிள்ளைகூட வாசிக்காமல் வீட்டுக்குப் போக முடியும். அப்படியானால் அது வெளியீடுதான்.

பெட்டிகளுக்கு அடியில் ஊகங்களை எழுத ஓர் இடம் விடுங்கள். பள்ளி முடிந்து மண்டபத்துக்குப் பிள்ளைகளை வேன் கொண்டுவந்து சேர்க்கும், தன்னார்வலர்கள் ஆண்டு முழுதும் நிற்பார்கள், பிள்ளைக்குக் கரும்பலகை கண்ணுக்குத் தெரிகிறது என்பதெல்லாம் ஊகங்கள். இவற்றில் ஒன்று உடைந்தால் சங்கிலி அறுந்துவிடும். ஆண்டுக் கடைசியில் “ஏன் நடக்கவில்லை?” என்ற கேள்வி வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடமும் இதுதான்.

நான்கு நிமிடக் கணக்கு

சங்கிலியில் எல்லோரும் தாண்டிப் போகும் கண்ணி நடுவில் இருக்கிறது. 36 வாரம், வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒன்றரை மணி என்று பெருக்கினால் ஆண்டுக்கு 162 மணி நேரம் வருகிறது. விண்ணப்பத்தில் பார்க்க அழகான எண். ஆனால் பிள்ளை வாசிக்கப் பழகுவது வாசிக்கும் நேரத்தில்தான். அந்த நேரத்தை மட்டும் கணக்கிட்டுப் பாருங்கள்.

வருகைப் பதிவு, தேநீர், கலைவது எல்லாம் 20 நிமிடம், வீட்டுப்பாடம் 30 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் வாசிப்புக்கு மிஞ்சுவது 40 நிமிடம். ஒரு தன்னார்வலருக்கு ஒன்பது பிள்ளைகள். ஒவ்வொருவராக வாய்விட்டு வாசித்தால் தலைக்கு நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல், வாரத்துக்கு 13 நிமிடம், ஆண்டுக்கு எட்டு மணி நேரம். மூன்றில் இரண்டு நாள் வரும் பிள்ளைக்கு அது ஐந்து மணி நேரம் சொச்சம். 162 மணி நேர வகுப்பில் பிள்ளையின் வாய் திறந்திருந்தது ஐந்து மணி நேரம் என்றால், விளைவுப் பெட்டியில் எழுதியது நடக்காததில் வியப்பில்லை.

இதற்குப் புதிதாக ஆள் தேட வேண்டியதில்லை. வீட்டுப்பாடத்தை வாரத்தில் ஒரு நாளோடு நிறுத்துங்கள். மற்ற இரண்டு நாளும் வாசிப்புக்கு 70 நிமிடம் கிடைக்கும். சொல் நிலைக்கு மேல் வந்த பிள்ளைகளை இருவர் இருவராக உட்கார வைத்து, நாளுக்கு 20 நிமிடம் மாறி மாறி வாசிக்கச் சொல்லுங்கள். தலைக்குப் பத்து நிமிடம் அங்கேயே வந்துவிடும். மிச்ச நேரத்தில் தன்னார்வலரிடம் வாசிப்பதையும் சேர்த்தால் வாரத்துக்கு 13 நிமிடம் என்பது 40 நிமிடத்தைத் தாண்டும். எழுத்தே தெரியாத பிள்ளைகளை மட்டும் இப்படி இணை சேர்க்க வேண்டாம். படத்தைப் பார்த்துக் கதை கட்டிவிட்டு “வாசிச்சிட்டோம் டீச்சர்” என்பார்கள். மற்றவர்கள் இணையாக வாசிக்கும் அந்த 20 நிமிடத்தில் தன்னார்வலர்கள் இந்தப் பிள்ளைகளோடு உட்காரலாம். இன்னொன்று, பிள்ளைகளை ஆண்டு வாரியாகப் பிரிக்காமல் நிலை வாரியாகப் பிரியுங்கள். நான்காம் ஆண்டுப் பிள்ளை எழுத்து நிலையில் இருந்தால் அவன் இடம் எழுத்துக் குழுதான். வெட்கப்படுவான் என்றால் குழுக்களுக்கு எண் வைக்காமல் பூப்பெயர் வைத்துவிடுங்கள்.

ஆகவே மாடலின் வெளியீட்டுப் பெட்டியில் “வாரத்துக்கு ஒரு பிள்ளை வாய்விட்டு வாசிக்கும் நிமிடங்கள்: 40” என்று எழுதுங்கள். மாதம் ஒரு நாள், ஏதாவது மூன்று பிள்ளைகளை ஒருவர் கைக்கடிகாரத்தோடு கவனித்து நிமிடத்தைக் குறித்தால் போதும்.

காதால் கேட்டு அளப்பது

விளைவை அளக்க ஒரு பிள்ளைக்கு ஐந்து முதல் ஏழு நிமிடம் பிடிக்கும் எளிய கருவி ஒன்று இருக்கிறது. இந்தியாவில் பிரதம் என்னும் கல்வித் தொண்டு அமைப்பு, பிள்ளைகளின் கற்றல் நிலையை அறிய 2005 முதல் நடத்திவரும் ஏசர் கணக்கெடுப்பில் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். எழுதுகிற தேர்வு கிடையாது. ஒரு பிள்ளை, ஒரு பெரியவர், ஒரு தாள். தொடக்கம், எழுத்து, சொல், பத்தி, கதை என ஐந்து நிலைகள். அவர்களுடைய தமிழ்த் தாளை அப்படியே எடுக்காமல், நம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழக்கமான சொற்களைக் கொண்டு நீங்களே தயாரியுங்கள். பாடநூல் பத்தியையும் எடுக்க வேண்டாம். மனப்பாடமாக இருக்கும்.

பத்தி என்பது ஒன்றாம் ஆண்டுத் தரத்தில் நான்கு குட்டி வாக்கியங்கள். “மாலாவிடம் ஒரு பூனை இருக்கிறது. அதன் நிறம் வெள்ளை. அது தினமும் பால் குடிக்கும். மாலா அதற்குச் சோறும் போடுவாள்.” இந்த அளவு போதும். கதை இரண்டாம் ஆண்டுத் தரத்தில் ஏழு முதல் பத்து வாக்கியம். சொற்கள் பத்து: கொடி, மேசை, தோடு, கூடை, பழம் போன்றவை. எழுத்துகளும் பத்து. இங்கேதான் கவனம் வேண்டும். அ, ஆ, இ, ஈ என்று உயிரெழுத்தை மட்டும் வைத்தால் எல்லாப் பிள்ளையும் பாட்டாகப் பாடித் தேறிவிடும். நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது உயிர்மெய்க் குறிகளில், அதிலும் குறில் நெடிலில். ப, மா, கி, நீ, து, கூ, செ, தே, கொ, போ என்று குறில் நெடில் இணைகள் எல்லாம் வரும்படி கலந்து வையுங்கள்.

பத்தியிலிருந்து தொடங்குங்கள். சொல் சொல்லாக உடைக்காமல் வாக்கியமாக, மூன்று பிழைக்கு மேற்படாமல் வாசித்தால் கதைத் தாளுக்குப் போகலாம். கதையையும் அப்படியே வாசித்தால் கதை நிலை, இல்லாவிட்டால் பத்தி நிலை. பத்தியே வரவில்லை என்றால் சொற்களுக்கு இறங்குங்கள். பிள்ளை விரும்பிய ஐந்து சொல்லில் நான்கு சரியாக வந்தால் சொல் நிலை. அதுவும் இல்லையென்றால் ஐந்து எழுத்தில் நான்கு. அதுவும் இல்லையென்றால் தொடக்க நிலை. கதை வாசித்த பிள்ளையிடம் இரண்டு கேள்வி வாய்மொழியாகக் கேட்டு, புரிந்ததா என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

எது பிழை என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். இதில் என் கருத்து உறுதியானது. தோட்டப்புறத்துப் பேச்சில் ‘பழம்’ என்பது ‘பளம்’ ஆகும். ‘ற’வும் ‘ர’வும் ஒன்றாக ஒலிக்கும். அது உச்சரிப்பு, வாசிப்புப் பிழை அல்ல. ‘கொடி’யைக் ‘கோடி’ என்றால் அது பிழை, குறியைப் பார்க்கவில்லை. ‘இருக்கிறது’ என்பதை ‘இருக்கு’ என்று வாசித்தால் பிள்ளை பொருளைப் பிடித்துவிட்டது. பிழையாக எண்ணாமல் ஓரத்தில் ‘பே’ என்று குறியுங்கள், பேச்சுவழக்கு என்று நினைவிருக்கும். இதையெல்லாம் எழுதி வைக்காவிட்டால் தொடக்கச் சோதனையில் கறாராகவும் கடைசிச் சோதனையில் தாராளமாகவும் மதிப்பிடத் தோன்றும். வேண்டுமென்று யாரும் செய்வதில்லை, கை தானாக அப்படிப் போகும்.

அதனாலேயே, சொல்லிக்கொடுப்பவரே தம் பிள்ளையைச் சோதிக்கக் கூடாது. ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இருவரைக் கேளுங்கள். முதல் ஆறு பிள்ளைகளை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டு, தனித்தனியே நிலை போடட்டும். ஒரு பிள்ளைக்கு மேல் கருத்து வேறுபட்டால் நின்று, விதியைப் பேசித் தீர்த்துவிட்டுத் தொடருங்கள். 36 பேருக்கும் சேர்த்து நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், இருவருக்கு இரண்டு மாலைப்பொழுது. மூன்று தாள் தொகுப்பு வேண்டும்: தொடக்கத்தில் ஒன்று, 12 வாரம் கழித்து ஒன்று, கடைசியில் ஒன்று. ஒரே தாளைத் திரும்பக் கொடுத்தால் அளப்பது நினைவாற்றலைத்தான். சோதனையை மூடிய அறையில் வைக்க வேண்டாம். மண்டபத்தின் ஓரத்தில், எல்லோர் கண்ணுக்கும் தெரியும் இடத்தில், மற்றவர் காதில் விழாத தூரத்தில் மேசை போடுங்கள்.

யாரோடு ஒப்பிடுவது

வகுப்புக்கு வராத பிள்ளைகளோடு ஒப்பிடுவது நேர்மையாகத் தோன்றினாலும், அதில் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. உங்களிடம் வருபவர்கள் பின்தங்கியவர்கள் என்று பொறுக்கி அனுப்பப்பட்டவர்கள். வராதவர்கள் ஓரளவு வாசிப்பவர்கள், அல்லது வேறு டியூஷன் போகிறவர்கள். இரு கூட்டமும் ஒன்றல்ல. இரண்டாவது பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாள் சோதனையில் கடைசியாக நின்றவர்களை மட்டும் பொறுக்கினால், அவர்களில் சிலர் அன்று காய்ச்சலோ தூக்கமோ காரணமாகச் சறுக்கியவர்களாக இருப்பார்கள். நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் அடுத்த முறை மேலே வருவார்கள். அந்த ஏற்றத்தை உங்கள் கணக்கில் எழுதக்கூடாது. அதற்குமேல், பிள்ளைகள் பள்ளியிலும் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இடத்தைவிடக் கூடுதலான பிள்ளைகள் கேட்டு வந்தால், சீட்டுக் குலுக்கிப் பாதி ஆண்டு காத்திருப்போர் பட்டியல் வைக்கலாம். காத்திருப்பவர்களையும் இரு முறை சோதித்துவிட்டுப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். நல்ல ஒப்பீடு அதுதான். அப்படிக் கூட்டம் வராவிட்டால் செலவில்லாத வழி ஒன்று உண்டு. இவ்வாண்டுத் தொடக்கத்தில் சேரும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள், அதே பள்ளியில், அதே ஆசிரியர்கள் பொறுக்கி, இதுவரை உங்கள் வகுப்புக்கு வராமல் மூன்றாம் ஆண்டை எட்டியவர்கள். அவர்களுடைய தொடக்க நிலையை, உங்களிடம் ஓராண்டு படித்த இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளின் கடைசி நிலையோடு வையுங்கள். வயது கிட்டத்தட்ட ஒன்றுதான். முன்பே உங்களிடம் படித்த மூன்றாம் ஆண்டுப் பிள்ளை இருந்தால் இந்த ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள். இது முடிந்த முடிபான ஆதாரம் ஆகாது. ஆனால் “பள்ளி மட்டும் இருந்திருந்தால் எங்கே நின்றிருப்பார்கள்?” என்பதற்கு ஒரு மதிப்பான ஊகம் கிடைக்கும்.

36 பேரா, 29 பேரா

ஆண்டு முடிவில் கணக்கு எப்படி இருக்கும் என்று ஒரு கற்பனை எடுத்துக்காட்டில் பார்ப்போம். 36 பேர் சேர்ந்தார்கள், ஏழு பேர் நின்றுவிட்டார்கள். தொடக்கச் சோதனை, கடைசிச் சோதனை இரண்டுக்கும் வந்த 29 பேரின் நிலை இது:

| தொடக்கத்தில் | எத்தனை பேர் | அங்கேயே நின்றவர் | மேலே ஏறியவர் |
|---|---|---|---|
| தொடக்கம் | 4 | 1 | 3 |
| எழுத்து | 9 | 2 | 7 |
| சொல் | 10 | 2 | 8 |
| பத்தி | 5 | 1 | 4 |
| கதை | 1 | – | – |

கதை நிலையில் இருந்த பிள்ளைக்கு மேலே போக இடமில்லை. (அந்தப் பிள்ளை ஏன் வகுப்புக்கு அனுப்பப்பட்டது என்பதைப் பள்ளியிடம் கேட்க வேண்டும்.) மீதி 28 பேரில் 22 பேர் ஏறியிருக்கிறார்கள். 79 விழுக்காடு, உங்கள் 80-க்குப் பக்கத்தில். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் நின்றுவிட்ட ஏழு பேரின் தொடக்கத் தாளை எடுத்துப் பாருங்கள். மூவர் தொடக்க நிலை, மூவர் எழுத்து நிலை, ஒருவர் சொல் நிலை. உதவி அதிகம் தேவைப்பட்டவர்கள்தான் போயிருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் விழுக்காடு தானாக உயரும். சேர்ந்த 36 பேரில் ஏறியது உறுதியாகத் தெரிந்தவர்கள் 22 பேர், அதாவது 61 விழுக்காடு. அறிக்கையில் இரண்டு எண்ணையும் போட்டு, ஏழு பேர் ஏன் நின்றார்கள் என்பதையும் எழுதுங்கள். வேனா, வீடு மாறியதா, வகுப்பு பிடிக்கவில்லையா?

இவ்வளவு சிறு எண்ணிக்கையில் விழுக்காட்டை நம்பி ஓடாதீர்கள். 36 பேரில் ஒரு பிள்ளை என்பது கிட்டத்தட்ட மூன்று விழுக்காடு. ஒருவனுக்கு அன்று காய்ச்சல் வந்தால் உங்கள் இலக்கு சாய்ந்துவிடும். “36 பேரில் 22 பேர்” என்று ஆள்கணக்காகவே எழுதுங்கள். மேலே சொன்ன ஒப்பீடும் அப்படித்தான். மூன்றாம் ஆண்டில் சேர்ந்த 12 பேரில் மூவர்தான் பத்தி வாசித்தார்கள், இரண்டாம் ஆண்டில் சேர்ந்த 14 பேரில் ஆண்டிறுதியில் ஆறு பேர் வாசிக்கிறார்கள் என்றால், அதை அந்த ஒரு வாக்கியமாகவே சொல்லிவிட்டு, எண்ணிக்கை சிறிது என்றும் சேர்த்துவிடுங்கள்.

பணமும் ஒப்பந்தமும்

சிறு திட்டங்களில் மதிப்பீட்டுக்கு மொத்தப் பணத்தில் 5 முதல் 10 விழுக்காடு ஒதுக்குவது வழக்கம். 5,000 ரிங்கிட் என்பது உங்கள் பணத்தில் கால்வாசிக்கு மேல். அந்தப் பணத்துக்கு இரண்டு நாள் வந்து, படம் எடுத்து, பெற்றோரைப் பேட்டி கண்டு ஓர் அறிக்கை தருவார்கள். தொடக்கத்தில் சோதிக்காமல் விட்டிருந்தால் எந்த வெளியாளராலும் அதைப் பின்னால் உண்டாக்க முடியாது. சோதிக்கும் இருவருக்கு, மூன்று சுற்று, சுற்றுக்கு இரண்டு மாலை, ஆளுக்கு 60 ரிங்கிட் என்றால் 720. தாள், அச்சு, கோப்புக்கு 280. ஆயிரம் ரிங்கிட்டில் முடிந்துவிடும். மிச்சத்தை வேனுக்கும் புத்தகத்துக்கும் வையுங்கள்.

இலக்கை இப்போதே எழுதாதீர்கள். உங்களுக்கு மூன்று வாரம் இருக்கிறது, சோதனைக்கு இரண்டு மாலை போதும். பெயர் கொடுத்திருக்கும் பிள்ளைகளை முதல் வாரத்திலேயே சோதித்துவிடுங்கள். யார் எங்கே நிற்கிறார் என்று தெரிந்த பிறகு, “பத்தி நிலைக்குக் கீழே இருக்கும் 30 பேரில் குறைந்தது 15 பேர் ஒரு நிலையாவது ஏறுவார்கள்” என்பது போல எழுதலாம். முதல் ஆண்டுக்கு அது துணிச்சலான எண்தான். 80 விழுக்காடு என்று எழுதினால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். கையெழுத்துப் போடும்முன் ஒப்பந்தத்தில் இரண்டாம் தவணைப் பணம் எதைப் பொறுத்தது என்று பாருங்கள். பிள்ளைகளின் நிலை உயர்வைப் பொறுத்தது என்று இருந்தால், “வகுப்புகள் நடந்ததற்கான பதிவும் சோதனை அறிக்கையும் ஒப்படைப்பதைப் பொறுத்தது” என்று மாற்றித் தரக் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, பல அறவாரியங்கள் மாதிரிப் படிவத்தை அப்படியே அனுப்பிவிடுகின்றன. நிலை உயர்வைப் பணத்தோடு கட்டினால், பலவீனமான பிள்ளையைச் சேர்க்காமல் விடத் தோன்றும். அதை அறங்காவலர்களிடம் நேரடியாகவே சொல்லலாம்.

பிள்ளைகளின் விவரம் பற்றியும் ஒரு சொல். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 வணிகப் பரிமாற்றங்களைப் பற்றியது. அது உங்களைக் கட்டுப்படுத்துகிறதோ இல்லையோ, பெற்றோரிடம் ஒரு பக்க ஒப்புதல் கடிதம் வாங்குங்கள். என்ன சோதிப்போம், யார் பார்ப்பார்கள், படம் எடுக்கலாமா என்று தனித்தனி வரி. அறவாரியத்துக்குப் போகும் தாளில் பெயர் வேண்டாம், எண் போதும். தோட்டப் பட்டணத்தில் “எழுத்து தெரியாதவன்” என்ற பேர் ஒரு பிள்ளைமேல் ஒட்டினால் லேசில் போகாது.

12 வாரம் கழித்து

நடுச்சோதனை அறிக்கைக்காக அல்ல, உங்களுக்காக. அன்று மூன்று தாளை வரிசையாகப் பாருங்கள்: வருகை, நிமிடம், நிலை. பிள்ளைகள் மூன்றில் இரண்டு நாளுக்குக் குறைவாக வந்திருந்தால் கற்பித்தலைத் தொடாதீர்கள், வேன் நேரத்தையும் வகுப்பு நாளையும் சரிசெய்யுங்கள். வருகை நன்றாக இருந்து நிலை நகரவில்லை என்றால் நிமிடக் கணக்கைப் பாருங்கள். பெரும்பாலும் வீட்டுப்பாடம் மறுபடி வாசிப்பு நேரத்தைத் தின்றிருக்கும். நிமிடமும் சரியாக இருந்தால் கையில் கொடுத்த புத்தகம் பிள்ளையின் நிலைக்கு மேலே இருக்கிறது.

பிறகு நகராத பிள்ளைகளின் தாளைத் தனியே எடுங்கள். எந்த எழுத்தில் விழுந்தார்கள் என்பது அங்கே குறித்திருக்கும். கொ, கோ மட்டும் என்றால் இரண்டு வாரப் பயிற்சி. தாளைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்தார்களா என்று சோதித்தவரிடம் கேட்டு, அப்படியானால் முதலில் கண் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒழுங்காக வந்து, நிமிடமும் கிடைத்து, 12 வாரத்துக்குப் பிறகும் எழுத்துக்கும் ஒலிக்கும் தொடர்பு பிடிபடாத பிள்ளை ஒன்றிரண்டு இருக்கலாம். அவர்களுக்கு நீங்களே ஒரு நோய்ப்பெயர் சூட்ட வேண்டாம். இரண்டு சோதனைத் தாளையும் எடுத்துக்கொண்டு பெற்றோரோடு பள்ளியின் குறைநீக்கல் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். அவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்வார். நீங்கள் கொண்டுபோகும் தாள்கள் அவருக்கு நல்ல தொடக்கமாக இருக்கும்.